பே ஸ்லிப்பில் பிடித்தம் தெரியும், பாக்கி தெரியாது

2024 ஆகஸ்ட்டில் ஒரு மதியம், இன்னொரு அட்வான்ஸ் கேட்கலாம் என்று அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போனேன். வெளியே வரும்போது, நான் கம்பெனிக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை, கம்பெனிதான் எனக்குத் தர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தேன். முதலில் சந்தோஷமாக இருந்தது. படி இறங்குவதற்குள் அது ஆத்திரமாக மாறிவிட்டது. கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி. பத்து மாதத்துக்கு மேல் மாதா மாதம் பே ஸ்லிப் வந்தது. ஒரு மாதம்கூட நான் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். அப்போது என் மொத்தச் சம்பளம் 28,000. பிஎஃப் 1,800, கேன்டீன் 200 போக 26,000 மாதக் கடைசி நாளில் பேங்கில் ஏறும். 2023 ஜூனில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு உடனே பணம் கட்டச் சொன்னார்கள். கம்பெனியில் கேட்டேன், 72,000 கொடுத்தார்கள். வட்டி கிடையாது. ஜூலையிலிருந்து மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு மாதம் பிடிப்பார்கள். கேட்ட இரண்டாம் நாளே பணம் வந்தது. அந்த நன்றி இன்றும் உண்டு. ஆனால் அந்த நன்றியால்தான் எந்தக் காகிதத்தையும் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பதும் உண்மை. அது ஒரு பக்க விண்ணப்பம். தொகை, காரணம், தவணை மூன்றும்தான் இருந்தன. எந்த மாதம் எவ்வளவு பிடித்தால் எவ்வளவு மீதி என்ற அட்டவணை அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு மாதம் சம்பளம் குறைந்தால் என்ன செய்வார்கள், நடுவில் நானாகப் பணம் கட்டினால் யாரிடம் கட்ட வேண்டும் என்பதும் எழுதப்படவில்லை. எனக்கு வந்த வினையெல்லாம் எழுதாத அந்த இரண்டு விஷயத்தில் இருந்துதான் வந்தது.

ஜூலை முதல் நவம்பர் வரை ஒரு குழப்பமும் இல்லை. பே ஸ்லிப்பில் பிடித்தங்கள் இருக்கும் வலது பக்கத்தில் SAL ADV என்று ஒரு வரி, அதற்கு நேராக 6,000. ஐந்து மாதத்தில் 30,000 அடைந்து, பாக்கி 42,000. இந்தப் பாக்கியை நான் இப்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன். பே ஸ்லிப்பில் அந்த எண் எங்கேயும் இல்லை. எங்கள் பே ஸ்லிப் இந்த மாதம் எவ்வளவு பிடித்தோம் என்று மட்டும்தான் சொல்லும்.

அந்த நவம்பரில் தீபாவளி வந்தது. எல்லோரையும் போல நானும் 10,000 பண்டிகை அட்வான்ஸ் வாங்கினேன். டிசம்பரிலிருந்து மாதம் 2,000 வீதம் ஐந்து தவணை. டிசம்பர் பே ஸ்லிப்பில் SAL ADV வரியில் 8,000 என்று வந்தது. ஆறும் இரண்டும் எட்டு, சரிதானே என்று விட்டுவிட்டேன். உள்ளே நடந்தது வேறு. ஹெச்ஆரில் இருந்த பெண் என் பழைய பாக்கி 42,000-ஐயும் புதிய 10,000-ஐயும் கூட்டி, சாஃப்ட்வேரில் 52,000 ரூபாய்க்கு ஒரே கடனாக ஏற்றி, மாதம் 8,000 என்று போட்டுவிட்டார். அவர் வேலை அதில் சுலபமாயிற்று. எனக்கு இதனால் என்ன கெடுதல் என்றால், ஏப்ரலோடு நிற்க வேண்டிய 2,000 நிற்காது. மொத்தம் தீரும்வரை எட்டு எட்டாகவே போகும். இரண்டு அட்வான்ஸ் வாங்கினால் பே ஸ்லிப்பில் இரண்டு வரி வர வேண்டும். ஒரே வரியில் வந்தால் அந்த மாதமே கேட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

2024 ஜனவரியில் எனக்கு டெங்கு. இருந்த விடுப்பெல்லாம் அம்மாவுக்கே தீர்ந்திருந்ததால் பதினான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு, அதாவது எல்ஓபி ஆனது. சம்பளம் 15,000 சொச்சமாகச் சுருங்கியது. அதில் 8,000 பிடித்தால் கையில் ஆறாயிரம்தான் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் இருந்தே ஹெச்ஆருக்குப் போன் செய்து, "மேடம், இந்த மாசம் மட்டும் கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்றேன். "சரிங்க, பண்டிகை அட்வான்ஸ் ரெண்டாயிரம் மட்டும் பிடிக்கிறோம், பெரிசை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் சாஃப்ட்வேரில் அந்த ஒரு மாதத்துக்குத் தவணையை நிறுத்திவிட்டு, அந்த 2,000-ஐக் கையால் OTH DED என்ற வேறொரு தலைப்பில் போட்டார். அட்வான்ஸ் கணக்கில் அது வரவாகவே ஆகவில்லை. பிடித்தது என் சம்பளத்தில், குறைந்திருக்க வேண்டியது என் பாக்கி. ஆனால் அந்தப் பணம் கேன்டீன் தட்டு, தொலைந்த ஐடி கார்டு இதற்கெல்லாம் பிடிக்கிற கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மாதப் பே ஸ்லிப்பில் SAL ADV வரியே இல்லாததை நான் பார்த்தேன். "பரவாயில்லை, சொன்னபடி விட்டுட்டாங்க" என்றுதான் நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு விவரம். ஒரு மாதச் சம்பளத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது என்று 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே உண்டு. கூட்டுறவுச் சங்கக் கடன் இருந்தால் மட்டும் முக்கால் பங்கு வரை போகலாம். ஆனால் எனக்கு இது நடந்த சமயத்தில் அந்தச் சட்டம் மாதம் 24,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான், நான் அதற்கு வெளியே. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் பாதி என்பதுதான் வரம்பு, சம்பள உச்சவரம்பு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொருந்தும். ஆகவே சம்பளம் குறைந்த மாதத்தில் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்பதைப் போனில் கேட்காமல் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். எவ்வளவு பிடிக்கப் போகிறீர்கள், எந்தத் தலைப்பில் பிடிப்பீர்கள், விட்டுப்போன தவணை கடைசியில் சேருமா, அடுத்த மாதமே இரட்டிப்பாக வருமா என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச் இரண்டும் 8,000. மார்ச் கடைசியில் வீட்டுக்காரி போட்டிருந்த சீட்டு எங்களுக்கு விழுந்தது. கடன் தலைமேல் இருப்பது அவளுக்குப் பிடிக்காது. "கையில இருக்கும்போதே கொஞ்சம் கட்டிருங்க" என்றாள். ஏப்ரல் 5-ஆம் தேதி 12,000 ரூபாயை ரொக்கமாகக் கொண்டுபோய் அக்கவுண்ட்ஸில் கட்டினேன். அங்கே இருக்கிற அண்ணா இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர். டேலியில் ஏற்றி, ரசீது அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை நான்காக மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் சொருகினேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான், அதுவும் பழக்கதோஷத்தில் செய்தது.

என் மொத்தக் கதையும் இந்த ஒரு இடத்தில்தான் சிக்கியிருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிகளில் உங்கள் அட்வான்ஸ் இரண்டு புத்தகத்தில் இருக்கும். ஒன்று அக்கவுண்ட்ஸ் வைத்திருக்கும் லெட்ஜர். உங்கள் பேரில் பணம் கொடுத்தபோது பற்று எழுதுவார்கள், திரும்பி வரும்போது வரவு எழுதுவார்கள். இன்னொன்று ஹெச்ஆர் வைத்திருக்கும் சம்பள சாஃப்ட்வேரில் உள்ள கடன் பக்கம். அதில் தொகையும் தவணையும் ஒருமுறை ஏற்றினால் தீரும்வரை தானாகவே பிடித்துக்கொண்டே போகும். சம்பளம் போட்டதும் அந்தப் பிடித்தங்களின் மொத்தத்தை ஹெச்ஆர் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பும், அங்கே அவரவர் பேரில் வரவு வைப்பார்கள். அதாவது தகவல் ஹெச்ஆரில் இருந்து அக்கவுண்ட்ஸுக்குத்தான் போகிறது. அக்கவுண்ட்ஸில் இருந்து ஹெச்ஆருக்குத் தானாக ஒன்றும் வராது. நான் ரொக்கமாகக் கட்டிய 12,000 லெட்ஜரில் ஏறிவிட்டது, ஆனால் பிடிக்கிற மிஷினுக்கு அது தெரியவே தெரியாது. யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார், நான் அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சம்பளக் கணக்கை 25-ஆம் தேதி மூடிவிடுவார்கள். அதற்கு இருபது நாள் முன்பே கட்டியிருந்தேன், நேரம் தாராளமாக இருந்தது.

இப்போது உண்மையான கணக்கைப் பாருங்கள். டிசம்பரில் 52,000-த்தில் தொடங்கி, அந்த மாதப் பிடித்தம் போக 44,000. ஜனவரியின் 2,000 போக 42,000. பிப்ரவரி 34,000, மார்ச் 26,000. ஏப்ரல் 5-இல் கட்டிய 12,000 போக 14,000. ஏப்ரல் சம்பளத்தில் 8,000 போக 6,000. மே மாதம் அந்த ஆறாயிரத்தோடு கணக்கு தீர்ந்தது. ஹெச்ஆர் சாஃப்ட்வேர் போட்ட கணக்கில் ஜனவரியின் 2,000-மும் இல்லை, ஏப்ரலின் 12,000-மும் இல்லை. அதன்படி மே முடிவில் இன்னும் 12,000 பாக்கி. அதனால் மே மாதம் 6,000-க்குப் பதில் 8,000 பிடித்தது, ஜூனில் 8,000, ஜூலையில் 4,000. ஆக மொத்தம் 82,000 வாங்கி 96,000 அடைத்திருக்கிறேன்.

ஜூன் சம்பளம்தான் என்னைக் குத்தியது. மே மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு தோராயக் கணக்கு இருந்தது. முழுச் சம்பளம் வரும், ஜூலை முதல் வாரத்தில் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். 18,000 தான் ஏறியது. ஹெச்ஆரில் கேட்டேன். திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலாயிரம் இருக்குங்க, அடுத்த மாசத்தோட முடிஞ்சிரும்" என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னதால் நம்பிவிட்டேன். என் கணக்குதான் தப்பு, டெங்கு மாதத்தில் விட்டது இப்போது வருகிறது போல என்று நானே ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டேன். வீட்டில் மோதிரத்தைக் கழற்றி 15,000-க்கு அடகு வைத்தேன், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்டை அந்த மாதம் நிறுத்தினோம். "நானே நடந்துக்கறேன் சாமி, எதுக்குத் தண்டச் செலவு" என்று அம்மா சொன்னதை இப்போதும் நினைத்தால் வயிறு எரிகிறது. என் பணமே கம்பெனியில் கிடக்கும்போது நடந்தது அது.

நான் தப்பாகக் கேட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. "பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் திரையில் இருக்கிற கடைசி எண்ணைச் சொல்வார்கள். அது எப்படி வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டியது, "அட்வான்ஸ் கொடுத்த தேதியில் இருந்து இன்றுவரை என் பேரில் உள்ள லெட்ஜர் ஒரு பிரதி வேண்டும், சம்பள சாஃப்ட்வேரில் உள்ள கடன் விவரமும் ஒரு பிரதி வேண்டும்" என்பது. இரண்டும் ஒரு நிமிட வேலை. இரண்டின் கடைசி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த வரியில் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம், எந்தத் தேதி நிலவரம் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் ஊழியர் போர்ட்டலில் பாக்கியே தெரியும், ஆனால் அது இந்த மாதப் பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று தெரியாமல் ஒரு தவணை வித்தியாசத்துக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு.

ஆகஸ்ட்டில் நடந்தது முழுக்கத் தற்செயல். அம்மாவுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது, 10,000 அட்வான்ஸ் கேட்கப் போனேன். புதிதாகக் கொடுப்பதற்கு முன் பழையது தீர்ந்ததா என்று பார்ப்பது வழக்கம். அண்ணா டேலியைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "என்னப்பா, உன் பேர்ல கிரெடிட்ல நிக்குது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ தர வேண்டியது இல்ல, நாங்க உனக்கு 12,000 தரணும்." ஏப்ரல் 5 வரியைக் காட்டினார். அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பதின்மூன்று மாதப் பே ஸ்லிப்பையும் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் சம்பளத்தில் இருந்து பிஎஃப், கேன்டீன், அட்வான்ஸ் மூன்றையும் கழித்து, பேங்கில் ஏறிய தொகையோடு ஒப்பிட்டோம். ஜனவரியில் மட்டும் 2,000 உதைத்தது. மகள்தான் OTH DED வரியில் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றாள். லெட்ஜர் காட்டிக்கொடுத்தது பன்னிரண்டாயிரம், பே ஸ்லிப் காட்டிக்கொடுத்தது இரண்டாயிரம். ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் மற்றது போயிருக்கும்.

மறுநாள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். வாங்கிய தேதியும் தொகையும், மாதவாரியாகப் பிடித்தது, ரொக்கமாகக் கட்டியது, ஒவ்வொன்றுக்கும் பிறகு மீதி. கூடவே ரசீது நகலும் ஜனவரிப் பே ஸ்லிப்பும். கோபத்தைக் காகிதத்தில் காட்டவில்லை. எண்கள் சரியாக இருந்ததால் வாக்குவாதமே வரவில்லை. ஹெச்ஆர் மேடம் முகம் சுண்டிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பணம் உடனே வந்துவிடவில்லை. முதலில் அதைச் சம்பளத்தோடு அரியர் என்று சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். அண்ணாதான் தடுத்தார். அரியர் என்று போட்டால் அது சம்பள வருமானம் ஆகிவிடும், வருஷக் கடைசியில் வரிக் கணக்கில் கூடுதல் சம்பளமாகத் தெரியும். இது என் சொந்தப் பணம், தவறாகப் பிடித்தது, அதனால் அட்வான்ஸ் லெட்ஜரில் இருந்து நேராகப் பேங்குக்குத் திருப்ப வேண்டும் என்றார். செப்டம்பர் நடுவில் 12,000 வந்தது. ஜனவரியின் 2,000 மட்டும் இழுத்தது, அது மார்ச்சோடு மூடிய போன நிதியாண்டுக் கணக்கு, வேறு தலைப்பில் இருந்து எடுக்க மேலே ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அக்டோபர் முதல் வாரம் வந்தது. அன்றே மோதிரத்தை மீட்டேன். மூன்று மாத வட்டி 675 ரூபாய். அதைக் கம்பெனியிடம் கேட்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன், கேட்கவில்லை.

இந்த வேலையை விட்டுப் போகும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். தவணையெல்லாம் வேலையில் இருக்கும்வரைதான். ராஜினாமா கொடுத்ததும் மீதி மொத்தத்தையும் கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம் இவற்றில் ஒரே மூச்சாகக் கழிப்பார்கள். அந்தக் கணக்கை அவர்கள் எடுப்பது சாஃப்ட்வேரில் உள்ள எண்ணில் இருந்து. நான் மே மாதம் விலகியிருந்தால் இல்லாத கடனுக்கு 12,000 கழித்துக் கணக்கை முடித்திருப்பார்கள், போன பிறகு யார் போய்க் கேட்பது? அதனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே லெட்ஜர் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்தில் மட்டும் கம்பெனி எந்தப் பாக்கிக்கும் கை வைக்க முடியாது, சட்டமே தடுக்கிறது. "பிஎஃப்ல கழிச்சுக்கறோம்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

அந்த வருஷத் தீபாவளிக்கு மறுபடி 10,000 வாங்கினேன். இந்தத் தடவை விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஐந்து தவணையையும் மீதியோடு நானே எழுதி, ஹெச்ஆரிடமும் அண்ணாவிடமும் கையெழுத்துக் கேட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே போட்டார். அண்ணா கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரசீதை எங்கப்பா வச்சிருந்த?" என்று கேட்டார். ரேஷன் கார்டு கவரில் என்றேன். "அங்கயே வை" என்றார்.